பேட்டரி இல்லாத சோலார் கணினி ஆய்வகம்: எங்கே நிற்கிறது, எதைப் பார்ப்பது

ஏற்காடு மலையிலும் சேலத்தைச் சுற்றியும் உள்ள பள்ளிகளில் பேட்டரி இல்லாத சோலார் ஆய்வகங்களைப் பழுது பார்க்கப் போகிற இடங்களில் திரும்பத் திரும்ப வருகிற புகார்களை இங்கே எழுதியிருக்கிறேன். அமைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான். கூரையில் ஆறு பேனல்கள் சீரிஸில், கீழே பேட்டரி இல்லாமலே ஓடக்கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர், அதிலிருந்து ஆய்வகத்துக்கு மட்டும் தனி லைன். பேட்டரி மாற்றப் பள்ளியிடம் பணம் இருக்காது என்று தெரிந்துதான் இப்படிப் போடுகிறார்கள். அந்த முடிவு சரி. ஆனால் வெயில் எவ்வளவோ அவ்வளவுதான் லோடு என்ற கணக்கை யாராவது ஒருவர் கையில் வைத்திருக்க வேண்டும்.

உங்கள் ஆய்வகத்தில் நடப்பது எந்தத் தலைப்பில் வருகிறதோ அங்கே போய்ப் படியுங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத சோதனை முதலில், செலவு பிடிப்பது கடைசியில்.

## மேகம் மறைத்ததும் எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் அணைகிறது

வருகிற புகார்களில் பாதிக்கு மேல் இதுதான். "வோல்ட் முழுசா காட்டுது சார், இன்வெர்ட்டர்தான் போச்சு போல" என்பார்கள். இன்வெர்ட்டர் போகவில்லை. லோடு இல்லாதபோது மூடுபனியிலும் பேனல் ஏறக்குறைய முழு வோல்ட் காட்டும். குழாயை மூடி வைத்தால் மெல்லிய தண்ணீரும் முழு அழுத்தம் காட்டும், திறந்தால்தான் வண்டவாளம் தெரியும். அதுபோலத்தான். ஆகவே லோடு இல்லாமல் பார்த்த வோல்ட்டை வைத்து வெயில் போதும் என்று முடிவு செய்யாதீர்கள்.

கம்ப்யூட்டர் லோடுக்கு இன்னொரு குணம் உண்டு. வோல்ட் இறங்கினால் பல்பு மங்கலாகும், இழுப்பதும் குறையும். கம்ப்யூட்டரும் அதற்குக் கரண்ட் தருகிற இன்வெர்ட்டரும் அப்படி இல்லை. வோல்ட் இறங்க இறங்க, அதே வாட் வேண்டும் என்று கூடுதல் ஆம்பியர் இழுக்கும். அதனால் வோல்ட் இன்னும் சரியும். அரை நொடியில் எல்லாம் படுத்துவிடும். தாங்கிப் பிடிக்கப் பேட்டரியும் இல்லை. படிப்படியாக மங்காமல் மொத்தமாக அணைவது இதனால்தான்.

முதல் சோதனை: லோடு எவ்வளவு? இன்வெர்ட்டர் திரையில் லோடு வாட் காட்டும். எல்லா மெஷினும் ஓடும்போது குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு பொருளாகப் பிடுங்கி, எது எவ்வளவு இழுக்கிறது என்று எழுதுங்கள். சிபியுவும் மானிட்டரும் சேர்ந்து 60 முதல் 80 வாட், பழைய சீலிங் ஃபேன் 75 வாட், ப்ரொஜெக்டர் 250 வாட்டுக்குப் பக்கம் என்று வரும்.

லேசர் பிரிண்டரை மட்டும் தனியாகப் பாருங்கள். சும்மா இருக்கும்போது பத்து வாட்கூட இழுக்காது. ஆனால் ஒரு பக்கம் அச்சடிக்க உள்ளே ரோலர் சூடேறும்போது சில நொடிகளுக்கு 800, 900 வாட் இழுக்கும். மேகமே இல்லாமல், நல்ல வெயிலில், காரணம் தெரியாமல் ஆய்வகம் அணைகிறது என்றால், அந்த நேரத்தில் யாராவது பிரிண்ட் கொடுத்தார்களா என்று கேளுங்கள். கொடுத்திருந்தால் பிரிண்டரைச் சோலார் லைனிலிருந்து எடுத்து, மின்வாரிய லைன் பிளக்கில் போடுங்கள். பிரச்சினை அத்தோடு தீர்ந்துவிடும்.

இரண்டாவது சோதனை: மேகத்தில் எவ்வளவு கிடைக்கிறது? இதைத்தான் யாரும் அளப்பதில்லை. ஒரு பலகையில் எட்டு ஹோல்டர், ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்ச், 60 வாட் குண்டு பல்புகள் எட்டு. எலக்ட்ரீஷியன் அரை மணி நேரத்தில் செய்து தருவார். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது, இழைப் பல்புதான் வேண்டும். மேகமூட்டமான நாளில் மெஷின்களை எல்லாம் அணைத்துவிட்டு, மின்வாரிய லைனையும் நிறுத்திவிட்டு, பல்புகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். எத்தனையாவது பல்பில் இன்வெர்ட்டர் விழுகிறதோ, அதற்கு முந்தையது வரைதான் அன்றைக்கு உங்களுக்குக் கிடைத்த மின்சாரம்.

ஏற்காட்டைத் தாண்டி ஒரு பள்ளியில் செய்த கணக்கைச் சொல்கிறேன். 335 வாட் பேனல் ஆறு, மொத்தம் 2010 வாட். உச்சி வெயிலில் ஏறக்குறைய 1500 வாட் தந்தது. ஆய்வகத்தில் பன்னிரண்டு டெஸ்க்டாப், ஒவ்வொன்றும் 75 வாட். இரண்டு ஃபேன், ஒரு நெட்வொர்க் சுவிட்ச். கூட்டினால் 1065 வாட். 1500 இருக்கிறதே, தாராளம் என்று போட்டிருந்தார்கள். சாம்பல் நிற மேகம் வந்தபோது பல்பு போர்டை மாட்டினோம். ஏழு பல்பு எரிந்தது, எட்டாவதைப் போட்டதும் விழுந்தது. ஆக 420 வாட். பேனல் மேல் எழுதியிருக்கும் அளவில் ஐந்தில் ஒரு பங்கு.

அந்த ஐந்தில் ஒரு பங்கைத்தான் நான் எல்லாப் பள்ளிக்கும் முதல் கணக்காக வைத்துக்கொள்கிறேன். 2000 வாட் பேனல் என்றால் வகுப்பு நடுவில் நிற்காமல் ஓடக்கூடிய லோடு 400 வாட். மிச்சமெல்லாம் வெயில் இருக்கும்போது மட்டும் கிடைப்பது. கார்த்திகை, மார்கழிப் பனி நாட்களில் காலையில் இதுகூடக் கிடைக்காது.

சரிசெய்வது, செலவில்லாததிலிருந்து: மானிட்டர் வெளிச்சத்தைப் பாதிக்குக் குறையுங்கள். பத்து நிமிடம் தொடாவிட்டால் திரை அணையும்படி வையுங்கள். மலையில் பெரும்பாலான மாதங்களில் ஃபேன் தேவையே இல்லை, ஜன்னலைத் திறந்தால் போதும். சேலம் டவுனில் அப்படிச் சொல்ல முடியாது. அங்கே 30 வாட்டுக்குள் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேனுக்கு மாற்றுவது, பேனல் கூட்டுவதைவிட மலிவு.

பிறகு மெஷின்களை இரண்டு வரிசையாகப் பிரித்து, ஒவ்வொரு வரிசைக்கும் தனி எம்.சி.பி. போடச் சொல்லுங்கள். அந்தப் பள்ளியில் ஆறு மெஷின் ஏ வரிசை, ஆறு பி வரிசை. வெளிச்சம் குறைத்த பிறகு ஒரு மெஷின் 62 வாட்டுக்கு வந்தது. ஆறுக்கு 372, நெட்வொர்க் சுவிட்சுக்கு 15, மொத்தம் 387. ஏ வரிசை மேகத்திலும் ஓடும், ஒரு மெஷினுக்கு இரண்டு பிள்ளைகள். பி வரிசை வெயில் நாளில் மட்டும்.

பி வரிசையை எப்போது நிறுத்துவது என்பதை இன்வெர்ட்டர் திரையே சொல்லும். பி.வி. வோல்ட் என்று ஒன்று காட்டும், பேனலிலிருந்து வரும் வோல்ட் அதுதான், அதைப் பாருங்கள். வெயில் மிச்சம் இருக்கும்வரை அது லோடு இல்லாத அளவுக்குக் கொஞ்சம் கீழேதான் நிற்கும். வெயில் குறையக் குறைய அது இறங்கும். லோடு இல்லாத வோல்ட்டில் பத்தில் எட்டு பங்குக்கு வந்துவிட்டால் பேனலிடம் இனி கொடுக்க ஒன்றும் இல்லை, அடுத்த நொடி விழும். அந்தப் பள்ளியில் வெயிலில் சூடான பேனல் லோடு இல்லாமல் 258 வோல்ட் காட்டியது. எல்லை ஏறக்குறைய 206. திரைக்குப் பக்கத்தில் ஒரு தாளில் "220-க்குக் கீழே வந்தால் பி வரிசையை சேவ் செய்து அணைக்கவும்" என்று ஒட்டினோம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். மேகம் மெதுவாக நகர்ந்து வரும் நாளில் இது நன்றாக வேலை செய்கிறது. சட்டென்று மூடும் நாளில் நேரம் கிடைக்காது. அப்படிப்பட்ட நாளில் காலையிலேயே பி வரிசையைத் தொடாமல் விடுவதுதான் வழி.

இதற்கு மேல் போனால் செலவு. டெஸ்க்டாப்புக்குப் பதில் மினி பிசி வைத்தால் மானிட்டரோடு சேர்த்து 35 முதல் 40 வாட்டில் முடியும். அதே 400 வாட்டில் பத்து மெஷின் ஓடும். கூடுதல் பேனல் போடுவது அதற்கும் அடுத்ததுதான். சீரிஸில் ஒரு பேனலைச் சேர்ப்பதற்கு முன் இன்வெர்ட்டரின் அதிகபட்ச பி.வி. வோல்ட்டைப் பார்க்க வேண்டும். குளிர்ந்த காலையில் பேனல் வோல்ட் ஏறும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அதைச் சோலார் ஆளிடம் விட்டுவிடுங்கள்.

## காலை முதல் பீரியடில் ஆன் செய்தால் விழுகிறது, எழுகிறது, மறுபடி விழுகிறது

இன்வெர்ட்டர் எழுந்து, மெஷின்கள் எல்லாம் தானே ஆன் ஆகி, பத்து இருபது நொடியில் மறுபடி அணைந்து, இதுவே சுற்றிச் சுற்றி நடக்கிறதா? மெஷின் பூட் ஆகும்போதுதான் அதிகம் இழுக்கும். எல்லாம் ஒன்றாக எழுந்தால் எல்லாம் ஒன்றாக இழுக்கும்.

ஒரு மெஷினின் பயாஸ் செட்டிங்கில் போய்ப் பாருங்கள். `Restore on AC Power Loss` அல்லது `AC Back` என்று ஒன்று இருக்கும். அது `Power On` அல்லது `Last State` என்று இருந்தால், கரண்ட் வந்ததும் மெஷின் தானாக எழும். `Power Off` அல்லது `Always Off` என்று மாற்றி, எல்லா மெஷினிலும் அதையே செய்யுங்கள். இனி பட்டனை அழுத்தினால்தான் எழும். ஒரு மெஷின் முழுதாகத் திறந்த பிறகு அடுத்தது என்று பிள்ளைகளைப் பழக்குங்கள்.

லேப்டாப் ஆய்வகமாக இருந்து, திங்கட்கிழமை காலையில் மட்டும் இது நடந்தால் காரணம் வேறு. சும்மா ஓடும்போது 20 வாட் இழுக்கும் லேப்டாப், பேட்டரி காலியாக இருந்தால் சார்ஜோடு சேர்த்து 50, 60 வாட் இழுக்கும். பத்து லேப்டாப்புக்கு 200 வாட் என்று போட்ட கணக்கு அன்று காலையில் 550 ஆகிவிடும். வெள்ளிக்கிழமை மதியம் சார்ஜ் ஏற்றி வையுங்கள். திங்கள் காலையில் பாதி லேப்டாப்பைச் சார்ஜரில் மாட்டி, மறுபாதியை அதன் பேட்டரியிலேயே ஓட விடுங்கள்.

லேப்டாப்பின் உள் பேட்டரி பதினைந்து நிமிடம் தாங்கினாலே ஒரு மேகத்தைக் கடந்துவிடலாம். அதனால் பேட்டரி எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து வைப்பது நல்லது. லினக்ஸில்:

```
upower -i $(upower -e | grep BAT)
```

இதில் `capacity` என்ற வரி 30 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அந்த லேப்டாப்பை டெஸ்க்டாப் மாதிரியே நினைத்து ஏ வரிசையில் வையுங்கள். விண்டோஸில் `powercfg /batteryreport` கொடுத்தால் வரும் அறிக்கையில் `DESIGN CAPACITY`, `FULL CHARGE CAPACITY` இரண்டையும் ஒப்பிடலாம்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் காலையில் விழுவது நிற்கவில்லை என்றால், மிச்சம் இருப்பது நேரம்தான். நமது ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய பன்னிரண்டேகால் மணிக்கு. பத்தரை முதல் இரண்டரை வரை உள்ள நேரம்தான் ஆய்வகத்துக்கு உரியது. பனிக்காலத்தில் மலையில் பதினொரு மணிக்கு முன் கணினி பீரியடே வேண்டாம் என்று தலைமை ஆசிரியரிடம் சொல்லி, டைம்டேபிளை மாற்றுங்கள். ஒரு செலவும் இல்லை. ஆனாலும் கேட்டு வாங்குவது கஷ்டமாக இருப்பது இதுதான். பல்பு போர்டை ஒன்பதரைக்கு ஒரு முறை, பதினொன்றரைக்கு ஒரு முறை அவர் கண் முன்னால் போட்டுக் காட்டுங்கள், ஒத்துக்கொள்வார்.

சாப்பாட்டு இடைவேளை வருவதோ சரியாக உச்சி வெயிலில். நாளின் சிறந்த மின்சாரம் யாருக்கும் பயன்படாமல் போகிறது. லேப்டாப்புகளை அப்போது சார்ஜில் போடுங்கள். பிரிண்டருக்கு மின்வாரிய லைன் இல்லாத பள்ளியில் அச்சு வேலையையும் அப்போது, மெஷின்களை அணைத்துவிட்டு, ஒரே ஒரு மெஷினோடு முடித்துக்கொள்ளுங்கள்.

## மின்வாரியக் கரண்ட் இருக்கும்போதும் மெஷின் ரீஸ்டார்ட் ஆகிறது

வெயில் குறைந்ததும் இன்வெர்ட்டர் மின்வாரிய லைனுக்கு மாறுகிறது, அந்த மாற்றம் தாமதமாகிறது. பல ஹைப்ரிட் இன்வெர்ட்டர்களில் இதற்கு `APL`, `UPS` என்று இரண்டு நிலை இருக்கும். வாங்கும்போது பெரும்பாலும் `APL`-இல் இருக்கும். அது ஃபேனுக்கும் லைட்டுக்கும் போதும், கம்ப்யூட்டருக்குப் போதாது. `UPS` என்று மாற்றினால் மாறும் நேரம் பாதியாகும். மாற்றிய பிறகும் ஒன்றிரண்டு மெஷின் மட்டும் ரீஸ்டார்ட் ஆனால் அந்த மெஷின்களின் பவர் சப்ளை பழசாகிவிட்டது. நன்றாக ஓடும் மெஷினின் பவர் சப்ளையை மாற்றிப் போட்டுப் பார்த்தால் உறுதியாகும்.

## கரண்ட் போனதும் சோலாரும் நின்றுவிடுகிறது, உச்சி வெயிலிலும்

உங்களிடம் இருப்பது ஆன்-கிரிட் இன்வெர்ட்டர். லைனில் மின்வாரிய ஊழியர் வேலை செய்யும்போது உங்கள் சோலார் கரண்ட் அவர் மேல் பாயக்கூடாது என்பதற்காக, லைன் செத்தால் தானும் நிற்கும்படியே அது செய்யப்பட்டிருக்கிறது. பழுது இல்லை. செட்டிங்கில் மாற்றவும் முடியாது, மாற்ற முயலவும் கூடாது. கரண்ட் இல்லாதபோதும் ஆய்வகம் ஓட வேண்டும் என்றால் இன்வெர்ட்டரையே மாற்ற வேண்டும்.

## வெயில் நன்றாக இருக்கிறது, ஆனாலும் முன்பு ஓடிய லோடு இப்போது ஓடவில்லை

தினமும் குறிப்பிட்ட ஒரு நேரத்தில்தான் வருகிறதா என்று முதலில் பாருங்கள். அப்படியானால் நிழல். மலையில் காபித் தோட்டத்துக்குப் பக்கத்தில் உள்ள பள்ளிகளில் சில்வர் ஓக் மரம் நாலைந்து வருடத்தில் கூரையைத் தாண்டிவிடும். பேனல் போட்ட அன்று இல்லாத நிழல் இன்று இரண்டு மணிக்கே விழும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் வைகாசியில் தெரியாத நிழல் அப்போது தெரியும். புகார் வந்த அதே நேரத்தில் வெளியே நின்று கூரையைப் பார்ப்பதுதான் சோதனை.

கொஞ்சம் நிழல்தானே என்று விடக்கூடாது. பழைய முழு செல் பேனலை நெட்டாக நிறுத்தியிருந்தால், அடி ஓரத்தில் ஒரு சாண் நிழல் விழுந்தாலும் அந்தப் பேனல் முழுவதும் போன மாதிரிதான். அதையே படுக்கையாகப் பொருத்தியிருந்தால் மூன்றில் ஒரு பங்குதான் போகும். கிளையைக் கழிக்க முடியுமா என்று தோட்டக்காரரிடம் கேளுங்கள். முடியாவிட்டால் பேனலைப் படுக்கையாகத் திருப்பச் சொல்லுங்கள்.

நேரம் பாராமல் எப்போதும் குறைவாக இருந்தால் அழுக்கு. மலையில் மழை தூசியைக் கழுவிவிடும், ஆனால் ஃபிரேமின் அடி விளிம்பில் ஈரம் தங்கிப் பாசி படரும். காலையில் பேனல் குளிர்ந்திருக்கும்போது தண்ணீரும் துணியும் வைத்துத் துடைக்கலாம். கத்தி, பிரஷ், சோப்புத்தூள் வேண்டாம். கூரை ஓடாக இருந்தால் நீங்கள் ஏறவும் வேண்டாம்.

அதுவும் இல்லையென்றால் மெஷின்களை எல்லாம் அணைத்துவிட்டு, வெயில் நேரத்தில் திரையில் பி.வி. வோல்ட்டைப் பாருங்கள். முன்பு 258 காட்டிய இடத்தில், அதே மாதிரி வெயிலில், 244 காட்டினால் ஒரு பேனலின் மூன்றில் ஒரு பகுதி செத்திருக்கிறது. பெரும்பாலும் பைபாஸ் டயோடு. 215 காட்டினால் ஒரு முழுப் பேனல் போயிருக்கிறது. ஒன்றுமே காட்டாவிட்டால் எங்கோ கனெக்டர் விட்டிருக்கிறது. இதனால்தான் எல்லாம் நன்றாக ஓடும் நாளிலேயே லோடு இல்லாத வோல்ட்டைத் தேதியும் நேரமும் போட்டுச் சுவரில் எழுதி வைக்கச் சொல்கிறேன். ஒப்பிட ஒன்று இல்லாமல் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

இங்கே நிறுத்திக்கொண்டு சோலார் டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். 250 வோல்ட் டி.சி. வீட்டுக் கரண்ட் மாதிரி இல்லை. லோடு ஓடும்போது பேனல் கனெக்டரைப் பிடுங்கினால் பொறி பறந்து, அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும், கையைப் பொசுக்கும். கருகிய வாசனை, உருகிய கனெக்டர், இன்வெர்ட்டரைத் தொட்டால் ஷாக், மழை நாளில் மட்டும் வரும் ஃபால்ட் கோடு, இடி இறங்கிய பிறகு செத்த இன்வெர்ட்டர், இதில் எதைக் கண்டாலும் முதலில் ஏ, பி வரிசை எம்.சி.பி.-களை அணையுங்கள். பிறகு பேனலிலிருந்து வரும் லைனைத் துண்டிக்கிற டி.சி. ஐசொலேட்டரை அணையுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். அறையைப் பூட்டிவிட்டுக் கூப்பிடுங்கள்.

## அணைந்த மெஷின் திறக்காமல் கருப்புத் திரையில் `(initramfs)` என்று நிற்கிறது

லினக்ஸ் மெஷின் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனதால் டிஸ்க்கில் கணக்கு குழம்பியிருக்கிறது. அந்தத் திரையில் முதலில் `exit` என்று அடித்தால் எந்தப் பார்டிஷன் என்று சொல்லும். `/dev/sda1` என்று சொன்னால்:

```
fsck -y /dev/sda1
reboot
```

பெரும்பாலும் இதிலேயே எழுந்துவிடும். அதே மெஷினில் அடிக்கடி வந்தாலோ, `I/O error` என்ற வரிகள் ஓடினாலோ ஹார்ட் டிஸ்க் போகப்போகிறது. பிள்ளைகளின் கோப்புகளை முதலில் வெளியே எடுத்துவிட்டு, மாற்றும்போது எஸ்.எஸ்.டி. போடுங்கள். பூட் ஆகும் நேரமும் இழுக்கும் வாட்டும் குறையும். லிப்ரே ஆபீஸில் `Tools > Options > Load/Save > General` போய் `AutoRecovery` நேரத்தை 2 நிமிடமாக வைத்துவிட்டால், பி வரிசை சட்டென்று விழும் நாளில் ஒரு பிள்ளைக்கு அதிகபட்சம் இரண்டு நிமிட வேலைதான் போகும்.